மேற்கோள் குறி

கல்லூரி ஆண்டு மலரின் பின்னட்டையில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் படமும் அதன் கீழே அவருடைய வாசகமும் வரட்டும் என்று முடிவாகியிருந்தது. “நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிரைக் கொடுத்தாவது காப்பேன்.” புதுச்சேரிக் கல்லூரி அல்லவா, பிரெஞ்சு மூலத்தையும் சேர்க்கச் சொல்லிப் பூங்குழலியிடம் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை என்றுதான் அவளும் நினைத்தாள்.

இணையத்தில் கிடைத்த பிரெஞ்சு வடிவங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. எதிலும் நூலின் பெயரும் இல்லை. ஒரே ஒரு இடத்தில், 1770 பிப்ரவரி 6 அன்று லெ ரிஷ் என்பவருக்கு வால்டேர் எழுதிய கடிதம் என்று குறிப்பு இருந்தது. கடிதத்தைத் தேடியெடுத்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தாள். அந்த வாக்கியம் அதில் இல்லை.

“அப்படின்னா பிரெஞ்சை விட்டுடு. முதல்ல எந்த மொழியில அச்சாச்சுன்னு பாரு” என்றார் பிரெஞ்சுப் பேராசிரியர்.

அந்த வழி 1906-இல் லண்டனில் வந்த ஓர் ஆங்கில நூலில் போய் நின்றது. ‘வால்டேரின் நண்பர்கள்’, எழுதியவர் எஸ்.ஜி. டாலன்டைர். ஸ்கேன் செய்த பிரதியில், வால்டேர் காலத்துப் பிரெஞ்சுத் தத்துவவாதி எல்வேசியுஸ் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தாள். 1758-இல் அவர் எழுதிய நூலைத் தடைசெய்து எரித்தார்கள். வால்டேருக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. ஆனாலும், “ஒரு ஆம்லெட்டுக்கா இத்தனை களேபரம்!” என்று அவர் கேட்டதாக நூலில் இருக்கிறது. அதை அடுத்துத்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். அதோடு, ‘இதுவே இப்போது அவருடைய மனப்பாங்கு’ என்ற சேர்க்கை. வால்டேர் வாயால் சொன்னதாக அங்கே இல்லை. அவர் மனதை ஆசிரியர் தன் சொற்களில் சொல்லிவிட்டு, மேற்கோள் குறியும் போட்டுவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

டாலன்டைர் என்பது புனைபெயர். உண்மைப் பெயர் எவலின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண். அந்த வாக்கியம் தன்னுடையதுதான், மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கக் கூடாது என்று 1939-இல் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அதற்குள் அது வால்டேர் பெயரில் ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது.

மலர்ப் பொறுப்பாசிரியர் பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரிம்மா. ஹால்னு போட்டா யாருக்குத் தெரியும்?”

“தெரியாததால்தானே சார் போடணும்.”

அவர் சிரித்தார், ஆனால் படத்தை எடுக்க ஒப்பவில்லை. பேரம் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். வால்டேர் படம் அப்படியே இருக்கும். கீழே ‘வால்டேரைப் பற்றி எவலின் பியாட்ரிஸ் ஹால், 1906’ என்று வரும்.

மாலையில் அச்சகத்திலிருந்து போன் வந்தது. “பாப்பா, பேரை மாத்தியாச்சு. மேற்கோள் குறி இருக்கட்டுமா, எடுத்துடவா?”

“இருக்கட்டும் அண்ணா. இப்ப அது சொன்னவங்க பேர்லதானே இருக்கு.”