பாடப் பார்வைப் படிவம்: நான்காம் வகுப்பு, தமிழ்

இடம்: ரோஸ் ஹில், மொரிஷியஸ், அரசு தொடக்கப் பள்ளி
நாள்: 18 ஜூன் 2024, செவ்வாய், காலை 9.50 முதல் 10.40 வரை
பாடம்: சந்தையில் (பொருள் கேட்டல், விலை கேட்டல்)
பிள்ளைகள்: 17 பேர். மூன்று வகுப்புகளில் தமிழ் எடுத்தவர்கள் இந்த நேரத்துக்கு மட்டும் ஓர் அறையில் கூடுகிறார்கள்.
பார்வையாளர்: வட்டாரத்தின் மூத்த தமிழ் ஆசிரியர். கடைசி வரிசைக்குப் பின்னால், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படிவத்தைப் படிக்கும் முறை

முதல் பகுதியில் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் இருக்கும். "ஆர்வமாக", "சோர்வாக", "நன்றாக" போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஆசிரியை சிரித்தார் என்று எழுதலாம், மகிழ்ந்தார் என்று எழுதக் கூடாது. இரண்டாம் பகுதி, பாடம் முடிந்தபின் ஆசிரியை சொன்னது. அது நான் பார்த்தது அல்ல, அதனால் தனியாக இருக்கிறது. மூன்றாம் பகுதி என் முடிவுகள். ஒவ்வொரு முடிவுக்கும் முதல் பகுதியில் ஆதாரம் காட்டியிருக்கிறேன். ஆதாரம் போதாத இடத்தில் போதாது என்றே எழுதியிருக்கிறேன். மதிப்பெண் கிடையாது.

பிள்ளைகளின் பெயர்களை எழுதவில்லை. முன் வரிசை அ, நடு வரிசை ஆ, பின் வரிசை இ. எண்கள் இடமிருந்து வலம்.

பகுதி 1: பார்த்ததும் கேட்டதும்

9.50 மணி அடித்தது. பிள்ளைகள் வேறு அறைகளிலிருந்து வரத் தொடங்கினார்கள். ஆசிரியை கரும்பலகையில் தேதியையும் "சந்தையில்" என்ற தலைப்பையும் எழுதினார். சுவரில் இருந்த படங்கள் எல்லாம் பிரெஞ்சில். தமிழில் ஒன்றும் இல்லை.

9.56 கடைசிப் பிள்ளை (இ5) வந்து உட்கார்ந்தது.

9.57 "வணக்கம் மிஸ்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். "வணக்கம், உட்காருங்க" என்றார். உடனே உட்கார்ந்தார்கள்.

9.58 ஆசிரியை துணிப்பையிலிருந்து தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை எடுத்து மேசையில் வைத்தார். தக்காளியைத் தூக்கி, "இது என்ன?" நான்கைந்து குரல்கள்: "போம்தாமூர்!" "தமிழில?" ஒரு நொடி கழித்து ஆசிரியையே "தக்காளி" என்றார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இதே வரிசையில் நடந்தன: கேள்வி, கிரியோலில் பதில், "தமிழில?", ஆசிரியையின் விடை, கூட்டாகத் திருப்பிச் சொல்லுதல்.

10.03 கீரையைத் தூக்கியதும் ஆ4 எழுந்து நின்று "பிரெத் மூரூம்!" என்றது. ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. கீரையை ஆ4 கையில் கொடுத்து, "மூரூம், சரி. தமிழிலயும் கிட்டத்தட்ட அதுதானே?" என்று கேட்டார். ஆ4, "மு... முருங்கை." அ2 யாரும் கேட்காமலே, "பாட்டி வீட்டுல இருக்கு" என்றது. ஆசிரியை சிரித்தார்.

10.08 பாடநூல் உரையாடல். ஆசிரியை ஒரு வரி படிக்க, பிள்ளைகள் ஒரு வரி. "பழம்" வந்த இடத்தில் பின் வரிசை ஐந்து பேரில் நால்வர் "பலம்" என்றது எனக்குக் கேட்டது. முன் வரிசைக் குரல்கள் தனித்தனியாகக் கேட்கவில்லை. ஆசிரியை படிப்பதை நிறுத்தி, பலகையில் ழ எழுதி, நாக்கை மடித்துக் காட்டி, மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறையும் அதே நால்வர் "பலம்" என்றார்கள். பாடம் தொடர்ந்தது.

10.14 முதல் 10.18 வரை இ3 ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசையவில்லை. மேசையில் பாடநூல் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் நூல் மறு ஓரத்தில் விரிந்திருந்தது.

10.20 ஆசிரியை நூறு ரூபாய், இருபத்தைந்து ரூபாய் நோட்டுகளின் பெரிதாக்கிய நகல்களை ஒட்டினார். "இதுல தமிழ் எங்க இருக்கு?" 11 கைகள் உயர்ந்தன. அ5 முன்னால் வந்து விரல் வைத்து, எழுத்தெழுத்தாக "நூ... று, நூறு" என்று படித்தது. நூறு ரூபாய் நோட்டின் படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்று ஆசிரியை சொன்னார். "அவரும் தமிழரா மிஸ்?" என்று இ1 முழு வாக்கியத்தில் கேட்டது. அடுத்து ஆ1 "இருபத்தைந்து" படிக்க வந்து, "இருப" வரை சொல்லி நின்றது. ஆசிரியை பேசவில்லை. இரண்டு பிள்ளைகள் விடையைக் கத்த, கையைக் காட்டி நிறுத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: 9 நொடி. ஆ1 முழுவதும் படித்து முடித்தது.

10.26 இருவர் இருவராக வாங்குபவரும் விற்பவரும். மூவர் சேர்ந்த குழு ஒன்று. எனக்குத் தெளிவாகக் கேட்டவை நான்கு குழுக்கள். மூன்றில் "கோமியே?" என்று தொடங்கி "என்ன விலை?" என்று மாற்றிக்கொண்டார்கள். ஆ6 "ஒரு லிவ் தக்காளி" என்று கேட்டது. விலை சொன்னதும் "குறைச்சுக் கொடுங்க" என்றது. அது பலகையிலும் இல்லை, நூலிலும் இல்லை. இ3 விற்பவர். மூன்று பொருளின் விலையைக் கூட்டி "தொண்ணூறு ரூபாய்" என்று சரியாகச் சொன்னது.

10.37 வீட்டுவேலை: வீட்டில் கேட்டு மூன்று காய்கறிகளின் விலையைத் தமிழில் எழுதி வர வேண்டும். மணி அடித்தபோது நான்கு பேர் இன்னும் குறித்து முடிக்கவில்லை.

எண்ணியவை: ஆசிரியை கேட்ட கேள்விகள் 34. அவற்றில் ஒற்றைச் சொல் பதில் 19, வாக்கியமாகப் பதில் 6, ஆசிரியையே பதில் சொன்னது 9. வாக்கியப் பதில் ஆறும் 10.20க்குப் பிறகு வந்தவை. ஆசிரியையே பதில் சொன்ன ஒன்பதில் எட்டு, 10.20க்கு முன். கிரியோல் பயன்படுத்தியது 12 முறை: 8 கட்டளைகளுக்கு, 4 சொற்பொருள் விளக்க.

பார்க்க முடியாதவை: முன் வரிசையின் முகங்கள், நோட்டுப் புத்தகங்களின் உள்ளே எழுதியிருந்தது, மற்ற குழுக்களின் பேச்சு.

பகுதி 2: ஆசிரியை சொன்னது (பாடம் முடிந்தபின், 20 நிமிடம்)

காய்கறிப் பகுதியை விரைவாக முடிக்க நினைத்தாராம், தாமதமாகத் தொடங்கியதால். இ3 மூன்று வாரம் முன்புதான் வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, பாடநூல் இன்னும் வந்து சேரவில்லை. ழகரம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே வரவில்லை என்றார். கிரியோலில் கட்டளை கொடுப்பது பற்றி, "நேரம் மிச்சம் பிடிக்கத்தான் சார், பழக்கமாகிவிட்டது" என்றார்.

பகுதி 3: என் முடிவுகள்

*காத்திருத்தல்.* இந்தப் பாடத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான். காய்கறிப் பகுதியில் பிள்ளைகள் யோசிக்கும் முன்பே விடை வந்துவிட்டது (9.58). ரூபாய் நோட்டில் ஆசிரியை காத்திருந்தார், பிள்ளை தானே முடித்தது (10.20). மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் அளந்து கண்டதும் இதே: ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சுமார் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். மூன்று நொடியாவது பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை எழுதியாக வேண்டும். 10.20க்குப் பிறகு காத்திருப்பு மட்டும் மாறவில்லை, பொருளும் மாறியது. தினமும் கையில் பிடிக்கும் நோட்டு, அதில் தமிழ், அதில் ஒரு தமிழர். வாக்கியங்கள் வந்தது எதனால் என்று இந்த ஒரு பாடத்தை வைத்துப் பிரிக்க முடியாது. முருங்கைக்கீரை ஒரு துப்புத் தருகிறது: அங்கே பொருளும் வீட்டுப் பொருள், ஆசிரியையும் விடையைச் சொல்லாமல் பிள்ளையிடமே விட்டார். மீண்டும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

*கிரியோல்.* பிள்ளைகள் கிரியோலில் தொடங்கித் தமிழுக்கு வருவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. "மூரூம்" இல்லாமல் அந்தப் பிள்ளை "முருங்கை"க்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். சொற்பொருள் விளக்கக் கிரியோல் பயன்படுத்தியதும் சரி. கட்டளைகள் வேறு விஷயம். "உட்காருங்க" என்று தமிழில் சொன்னதும் எல்லாரும் உட்கார்ந்தார்கள் (9.57). அதே போன்ற எளிய கட்டளைகளும் தமிழிலேயே புரியும் என்று எதிர்பார்க்கலாம். வாரத்தில் தமிழ் காதில் விழும் நேரமே இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இந்த வகுப்பு மட்டும்தான் என்றால், "புத்தகத்தை எடு" என்பதுகூடப் பாடம்தான்.

*ழகரம்.* உறுதி குறைவு. ஐந்து பேரின் குரலைத்தான் கேட்டேன். இந்த ஒலி கிரியோலிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல வரவில்லையா, வேறுபாடே காதில் விழவில்லையா என்பது தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. நாக்கை மடித்துக் காட்டுவது முதலாவதற்குத்தான் உதவும்.

*இ3.* "கவனமில்லை" என்று எழுதக் கை போகும் இடம் இது. எழுத மாட்டேன். பார்த்தது நான்கு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பிய தலையும், நூல் இல்லாத மேசையும். பத்து நிமிடத்தில் அதே பிள்ளை மூன்று விலையைத் தமிழில் கூட்டியது. நூல் இல்லாததே காரணமாக இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை.

*நேரம்.* ஆறு நிமிடம் அறை மாறுவதில் போனது. இது ஆசிரியை தீர்க்கக்கூடியது அல்ல. தலைமையாசிரியரிடம் தனியாக எழுதிக் கொடுக்கிறேன், சுவரில் தமிழுக்கு ஓர் இடம் கேட்டும்.

இருவரும் ஒத்துக்கொண்டது

வரும் இரண்டு வாரம், காய்கறி போன்ற சாதாரணச் சொற்பாடத்திலேயே ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் நான்கு எண்ணிக் காத்திருப்பது. பொருள் சாதாரணமாகவே இருக்கட்டும், அப்போதுதான் காத்திருப்பின் பலன் தனியாகத் தெரியும். "எழுந்திரு, எடு, மூடு, கேள், சேர்ந்து சொல்லு" ஆகிய ஐந்து கட்டளைகள் தமிழில் மட்டும். ழகரத்துக்கு ஒரு கேட்கும் விளையாட்டு: ஆசிரியை "பலம்", "பழம்", "வாளை", "வாழை" என்று மாற்றி மாற்றிச் சொல்ல, ழ வந்தால் மட்டும் கை தூக்க வேண்டும். யார் தூக்குகிறார்கள் என்று ஆசிரியை குறித்து வைப்பார். "லிவ்" என்ற அளவை அப்படியே விட்டுவிடுவது என்றும் பேசினோம். ரோஸ் ஹில் சந்தையில் பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

இ3க்குப் பாடநூல் வரும்வரை என் பிரதி ஒன்றை நாளை அனுப்புகிறேன்.

அடுத்த பார்வை: 2 ஜூலை 2024, இதே வகுப்பு. அப்போது முன் வரிசைக்குப் பக்கத்தில் உட்காருவேன், இந்த முறை கேட்காத குரல்களுக்காக.

பகுதி 1இல் ஆசிரியை ஒரு திருத்தம் கேட்டார்: 10.37க்கு வீட்டுவேலையை அவர் இரண்டு முறை சொன்னார், எத்தனை முறை என்று நான் குறிக்கவில்லை. இரண்டு என்று சேர்த்துக்கொள்க. பகுதி 3இல் கிரியோல் பற்றிய முடிவோடு அவர் முழுதாக ஒத்துப்போகவில்லை: கட்டளை புரியாத பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது அவர் கருத்து. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இருவரும் படித்துக் கையெழுத்திட்டோம், 18 ஜூன் 2024, மதியம் 1.15. ஒரு பிரதி ஆசிரியையிடம், ஒரு பிரதி என்னிடம்.