இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்திற்கு வழிகாட்ட வேண்டுதல்: ஆண்ட்ராய்டு மால்வேர் கண்டறிதல்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நம் துறையின் இணையப் பாதுகாப்புப் பிரிவில் நான்காம் ஆண்டு படிக்கும் ச. இளமாறன். சென்ற பருவத்தில் தங்களிடம் வலையமைப்புப் பாதுகாப்புப் பாடம் படித்தேன். ஏழாம், எட்டாம் பருவங்களுக்குரிய ஆய்வுத் திட்டத்தை ஆண்ட்ராய்டு மால்வேர் கண்டறிதலில் செய்ய விரும்புகிறேன்; அதற்குத் தாங்கள் வழிகாட்டியாக இருக்க இசைய வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். இரண்டு பக்கத் திட்ட வரைவை இணைத்துள்ளேன். அதில் எழுதாத ஒன்றை, அதாவது இந்தக் கேள்விக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு மினி புராஜெக்டில் நான் செய்ததும் மால்வேர் கண்டறிதல்தான். ஆய்வகத்தில் இருந்த ட்ரெபின் தொகுப்பின் 5,560 மால்வேர் செயலிகளை ஒரு பக்கமும், எஃப்-ட்ராய்டு தளத்திலிருந்து நானே இறக்கிய ஏறக்குறைய 3,000 நல்ல செயலிகளை மறுபக்கமும் வைத்து, ரேண்டம் ஃபாரஸ்ட் மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். துல்லியம் 98.4 விழுக்காடு வந்தது. ரிவ்யூவில் பாராட்டும் கிடைத்தது. அந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

இந்த ஆண்டு வைகாசியில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, லுங்கி வியாபாரம் செய்யும் என் பெரியப்பா தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டதாகவும், அதன் பிறகு வங்கியின் ஓ.டி.பி. எதுவும் தமக்கு வருவதில்லை என்றும் சொன்னார். முகூர்த்த மாதமானதால் பத்திரிகை வருவதில் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. முதலில் கைபேசியின் இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, 1930 எண்ணில் புகாரும் பதிவு செய்தோம், பணம் போகவில்லை. பிறகு அந்தக் கோப்பை என் மடிக்கணினிக்கு மாற்றி, நிறுவாமல் திறந்து பார்த்தேன்:

```
$ aapt dump permissions invitation.apk
uses-permission: name='android.permission.RECEIVE_SMS'
uses-permission: name='android.permission.READ_SMS'
uses-permission: name='android.permission.INTERNET'
```

பத்திரிகைக்குக் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எதற்கு என்று யாரும் கேட்டுவிடுவார்கள். ஆனால் என் மாடல் கேட்கவில்லை. அதே கோப்பைக் கொடுத்தபோது, மால்வேராக இருக்க வாய்ப்பு 0.07 என்று சொல்லி, நல்ல செயலி வரிசையில் அதைச் சேர்த்துவிட்டது.

அன்றிரவே மாடல் எந்தப் பண்புகளை அதிகம் நம்புகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலிடத்தில் இருந்தது `targetSdkVersion`. அடுத்த சில இடங்களில் `androidx` என்று தொடங்கும் வகுப்புகள். ட்ரெபின் தொகுப்பு 2010 முதல் 2012 வரை திரட்டப்பட்டது. `androidx` நூலகமோ 2018இல்தான் வந்தது. நான் இறக்கிய நல்ல செயலிகள் எல்லாம் அண்மைக் காலத்தவை. ஆக, என் மாடல் மால்வேரைக் கண்டுபிடிக்கக் கற்கவேயில்லை. செயலி பழையதா புதியதா என்று பார்க்க மட்டுமே கற்றிருந்தது. பத்திரிகைக் கோப்பு புதியது, ஆகவே நல்லது. அந்தப் பண்புகளை நீக்கிவிட்டு மறுபடி பயிற்றுவித்தும் பயனில்லை. காலத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறு பண்புகள் அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டன. தொகுப்பே கோணலாக இருக்கும்போது பண்புகளைக் களைந்து மட்டும் அதை நிமிர்த்த முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது என்னுடைய தனிப்பிழை மட்டுமன்று என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். 2019இல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான டெஸராக்ட் கட்டுரை, எதிர்காலச் செயலிகளைப் பயிற்சியில் கலந்துவிடுவதும், நடைமுறையில் காணப்படுவதைவிடக் கூடுதலான மால்வேர் விகிதத்தில் சோதிப்பதும், மாடலின் திறனை எப்படி ஊதிக் காட்டுகின்றன என்பதை விரிவாக நிறுவுகிறது. அக்கட்டுரை 2014 முதல் 2016 வரையிலான செயலிகளை எடுத்துக்கொண்டது. நான் கேட்க விரும்புவது அதைவிடச் சிறிய கேள்வி: 2019 முதல் 2023 வரையிலான செயலிகளில், அனுமதிகள், ஏ.பி.ஐ. அழைப்புகள், இன்டென்ட்டுகள் என்ற மூன்று பண்புத் தொகுதிகளில் எது விரைவில் காலாவதியாகிறது, எது நெடுநாள் தாங்குகிறது? முதல் ஆண்டின் செயலிகளில் பயிற்றுவித்து, அடுத்தடுத்த மாதங்களின் செயலிகளில் மட்டும் சோதித்து, ஒவ்வொரு தொகுதியின் எஃப்1 அளவும் எப்படிச் சரிகிறது என்று வரைந்து பார்ப்பதே என் திட்டம். புதிய மாடல் எதையும் உருவாக்கப்போவதில்லை, நேரியல் எஸ்.வி.எம்.மும் ரேண்டம் ஃபாரஸ்டும் போதும் என்று நினைக்கிறேன். இது இறுதியாண்டுத் திட்டத்துக்குச் சிறியது என்று தாங்கள் கருதினால் விரிவாக்க அணியமாக இருக்கிறேன். ஆயினும் டீப் லேர்னிங் என்ற பெயருக்காக மட்டும் ஒன்றைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

தரவுகளை லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரோஸூ தொகுப்பிலிருந்து பெற எண்ணியுள்ளேன். இங்கேதான் எனக்குத் தங்கள் உதவி உடனடியாகத் தேவைப்படுகிறது: அதற்கான அணுகல் சாவியை மாணவர் தனியாகப் பெற முடியாது, நிரந்தரப் பணியிலுள்ள ஆசிரியர் ஒருவர் அதன் நிபந்தனைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். சுமார் 40,000 செயலிகளை, மால்வேர் பத்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் எடுக்கலாம் என்பது என் கணக்கு. ஆண்ட்ரோஸூ பட்டியலின் `dex_date` நிரலை அப்படியே நம்ப முடியாது; பல செயலிகளில் அது 1980 என்று நிற்கிறது. அதற்கு மாற்றாக எதைக் கொள்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நேரில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

மாதிரிகளைக் கையாள்வது குறித்துத் தங்களுக்குக் கவலை இருக்கலாம். எந்தச் செயலியையும் நான் இயக்கப்போவதில்லை. ஆண்ட்ரோகார்டு மூலம் பண்புகளை மட்டும் பிரித்தெடுத்து, மூலக் கோப்பை உடனே அழித்துவிடுவேன். பிரித்தெடுப்பதற்கு ஆய்வகத்தில் லினக்ஸ் கணினி ஒன்று போதும். கோப்புகள் இறங்கியபின் அதன் வலையிணைப்பைத் துண்டித்துவிடலாம். வன்தட்டு இடம் குறைவு என்பதும் உடனே அழிப்பதற்கு ஒரு காரணம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்களை ஏன் நாடுகிறேன் என்பதற்கு ஒரே காரணம்தான். ஊடுருவல் கண்டறிதல் பாடத்தின்போது, வகுப்பில் ஒருவர் காட்டிய 99 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு, சோதனைத் தரவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மட்டும் தாங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை யாராவது என் மினி புராஜெக்டிலும் கேட்டிருக்கலாம்.

பைத்தானில் எனக்குப் போதிய பழக்கம் உண்டு. புள்ளியியலில் நான் சுமார்தான், அதற்காக இப்போது தனியாகப் படித்துவருகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் தாங்கள் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு சந்திப்புக்கும் முதல்நாளே ஒரு பக்கக் குறிப்பை அனுப்பிவிடுவேன். ஆடிக்கிருத்திகைக்கு அடுத்த வாரம் ஜீரோத் ரிவ்யூ இருப்பதால், வழிகாட்டியின் பெயரை அதற்குள் துறை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியுள்ளது. வரும் செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகலில், தங்களுக்கு வசதியான நேரத்தில், அறைக்கு வந்து சந்திக்க அனுமதி வேண்டுகிறேன். இத்தலைப்பில் ஏற்கெனவே வேறு மாணவர்களை ஏற்றுக்கொண்டிருந்தால், தயங்காமல் தெரிவிக்கவும். அப்படியானால் `dex_date` பற்றிய கேள்விக்கு மட்டும் பத்து நிமிடம் கிடைத்தாலும் நன்றியுடையவனாவேன்.

தங்கள் பணிவுள்ள மாணவன்,
ச. இளமாறன்
நான்காம் ஆண்டு, இணையப் பாதுகாப்புப் பிரிவு
வேலூர்

இணைப்பு: திட்ட வரைவு (2 பக்கம்)