சம்பளப் பிரிவு உதவி அதிகாரி வேலைக்கு என் அறிமுக வீடியோ: பேசும் வரிகள்

(சன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி. போன் புத்தக அடுக்கின் மேல், கண்மட்டத்தில். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போக வேண்டும்.)

வணக்கம். என் பெயர் சர்மிளா. ஹட்டனுக்குப் பக்கத்தில் நோர்வூட்டிலிருந்து பேசுகிறேன். கண்டியில் இருக்கும் உங்கள் ஆடைத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில், தமிழ் பேசும் தொழிலாளர்களின் கணக்கைப் பார்க்கவும் அவர்களுக்கு விளக்கம் சொல்லவும் ஒருவர் தேவை என்று விளம்பரத்தில் பார்த்தேன். அந்த வேலைக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்குள் தமிழில் பேசி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். சிங்களத்தில் பேசியதைத் தனி வீடியோவாக இதோடு இணைத்திருக்கிறேன்.

என் சுயவிபரக்கோவை உங்கள் கையில் இருக்கும். இரண்டு பக்கத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறேன். எழுதிய எனக்கே வாசிக்கும்போது மூச்சு வாங்குகிறது. அதை மறுபடி ஒப்புவிக்கப் போவதில்லை. அதிலுள்ள சில வரிகளை எடுத்து, உண்மையில் நான் செய்தது என்ன என்று மட்டும் சொல்கிறேன்.

(சின்ன இடைவெளி. தோளைத் தளர்த்து.)

அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். எங்கள் லயத்தில் சம்பளச் சீட்டு வந்தால், அதை வாசித்துச் சொல்வது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் வேலை. எனக்குக் கணக்கு ஓடும் என்பதால் பக்கத்துக் காம்பராக்காரர்களும் என்னிடம் கொண்டுவருவார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "எதுக்கு இவ்வளவு வெட்டு?" உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தேன். 2017இல் பரீட்சை எழுதிவிட்டு ஹட்டனில் ஒரு இரும்புக்கடையில் காசாளராகக் கொஞ்சக் காலம் இருந்தேன். ஆணி, கம்பி, தகரம், எல்லாவற்றுக்கும் விலை மனப்பாடம். கடையைப் பற்றி அவ்வளவு போதும்.

2018இல் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் தற்காலிக லிகிதராகச் சேர்ந்தேன். 2020இல் நிரந்தரமாக்கினார்கள். அன்றிலிருந்து செக்ரோல் என் பொறுப்பு. சுயவிபரத்தில் "தினசரி வரவுப் பதிவு மற்றும் ஊதியக் கணிப்பு" என்று போட்டிருப்பது இதைத்தான். காலையில் பெரட்டுக்களத்தில் யார் யார் வந்தார்கள், எந்த மலைக்குப் போனார்கள், யாருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, யாருக்கு அரைப் பேர், கொழுந்து மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்தது, இவ்வளவும் சாயந்தரத்துக்குள் என் மேசைக்கு வந்துவிடும். சுமார் 600 பேர். மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் பேர், மேலதிகக் கிலோ, முற்பணம், சங்கச் சந்தா, கோவில் பணம் எல்லாம் கூட்டிக் கழித்து, பத்தாந் திகதி கையில் காசு கிடைக்க வேண்டும். அந்தப் பத்தாந் திகதியை நம்பித்தான் கடையில் கடன் வாங்கியிருப்பார்கள். பதினோராந் திகதி என்று ஒன்று அங்கே கிடையாது.

2022ஆம் ஆண்டு உங்களுக்கும் மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அடுத்த மாதம் புத்தாண்டு. அதற்கு முன்னால் வருகிற சம்பளம் அது. ஜெனரேட்டருக்குக் கிடைத்த கொஞ்ச டீசலும் ஸ்டோருக்கே போனது. கொழுந்து காத்திருக்காது, நியாயம்தான். அதனால் பகலில் எல்லாவற்றையும் பழைய மாதிரியே பெரிய புத்தகத்தில் கையால் கணித்தோம். கரண்ட் எப்போது வருகிறதோ, அது ராத்திரி பதினொரு மணியாக இருந்தாலும், உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பது. கையால் போட்ட மொத்தமும் திரையில் வந்த மொத்தமும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த பக்கம். பெரிய கிளாக்கர் ஐயா கண்டிப்பானவர், 50 சதம் இடித்தாலும் விடமாட்டார். பத்தாந் திகதி காசு கொடுத்தோம். "நெருக்கடிச் சூழலில் பணியாற்றும் திறன்" என்று சுயவிபரத்தில் ஒரு வரி இருக்கிறதே, அது அந்த ராத்திரிகள்தான்.

(இங்கே நிதானமாக. எண்களை அவசரப்படாமல் சொல்.)

அடுத்த வரி, "சட்டபூர்வக் கழிப்பனவுகளை முகாமை செய்தல்". இதை ஒரு அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று காட்டுகிறேன். உங்கள் வேலையில் நான் அதிகம் செய்யப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

"அம்மா, இந்த மாதம் சேமலாப நிதிக்குக் கணக்கு எடுக்கிற உங்கள் சம்பளம் 30,000 ரூபாய். அதில் நூற்றுக்கு 8 பிடிக்கிறோம், 2,400 ரூபாய். அதைத்தான் நீங்கள் வெட்டு என்கிறீர்கள். ஆனால் கம்பனி தன் பங்குக்கு நூற்றுக்கு 12 போடுகிறது, அது 3,600. இரண்டும் சேர்ந்து 6,000 ரூபாய் உங்கள் பெயரில் போகிறது. அது போக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, அதாவது 900 ரூபாய், கம்பனி தனியாகக் கட்டுகிறது. அதில் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் எடுப்பதில்லை."

இப்படிச் சொன்னால் சண்டை பிடிக்க வந்தவரும் "அப்போ கம்பனிக்காரன் கட்டினானா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது, பிள்ளை?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம். கணக்கு விளங்கினால்தான் அப்படிக் கேட்க முடியும். சம்பள நாளில் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு, சீட்டில் சந்தேகம் உள்ளவர்களை அங்கே உட்காரவைத்துப் பேசும் வழக்கத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். வரிசையில் நின்றபடி கத்துவது அதோடு குறைந்தது. உங்கள் இடத்திலும் ஒரு கதிரை கேட்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒரு விடயம். சுயவிபரத்தில் இது "ஆவணச் சீராக்கம்" என்று ஒரே வரியில் கடைசியில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் அது முதல் பக்கத்தில் மேலே இருந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஒரு அம்மாவின் சேமலாப நிதிப் பணம் நின்றுபோனது. செக்ரோலில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் மாரியாயி. அடையாள அட்டையிலோ, சிங்களத்தில் எழுதி அதிலிருந்து திரும்ப எழுதியதில் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பணத்தைக் கேட்டு நிரப்புகிற கே படிவத்துக்குத் தெரியாதே! அலுவலகத்துப் பரணில் பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடந்தன. விளிம்பெல்லாம் பூச்சி தின்று, தொட்டால் தூளாகிற தாள். அவற்றைக் கீழே இறக்கி, அவர் பெயர் பதிந்த முதல் மாதத்திலிருந்து தொழிலாளர் இலக்கம் மாறாமல் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அந்தப் பக்கங்களின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன்னால் கொடுத்த சத்தியக் கடதாசி, எல்லாவற்றையும் சேர்த்துத் தொழில் அலுவலகத்துக்கு அந்த அம்மாவோடு நானே போனேன். பணம் வந்தது. கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் வந்தது.

அப்புறம்தான் தோட்டத்துத் துரையிடம் ஒரு யோசனை சொன்னேன். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கலாம். அந்த வயது வந்த பிறகு பெயரைத் திருத்த ஓடுவதைவிட, வேலையில் இருக்கும்போதே திருத்திவிடலாமே! அவர் சரி என்றார். எக்செலில் ஒரு தாள் போட்டேன். ஒரு பக்கம் செக்ரோல் பெயர், அடுத்தது அடையாள அட்டை, அடுத்தது சேமலாப நிதியின் பீ கார்ட். எழுத்து வித்தியாசம் வந்தால் அந்த வரி சிவப்பாகிவிடும். முதலில் பாதித் தாளுக்கு மேல் சிவப்பு. வயதில் மூத்தவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறோம். இன்னும் முடியவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவருக்கு எப்படிச் செய்வதென்று எழுதி வைத்திருக்கிறேன்.

சேவைக்காலப் பணக் கணக்கும் தெரியும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் வீதம், 30 வருடம் என்றால் 420 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதம். உங்களிடம் இரண்டாவதுதான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன்.

(தண்ணீர் குடிக்கலாம். வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.)

வேலை செய்துகொண்டே ஏ.ஏ.டி. கணக்கியல் படித்தேன். சனி, ஞாயிறுகளில் ஹட்டனுக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போய், 2023இல் முடித்தேன். சிங்களம் பேச, வாசிக்க, எழுத வரும். ஆங்கிலக் கடிதமும் சுற்றுநிருபமும் வாசித்து விளங்கிப் பதில் எழுதுவேன். மேடையில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கொஞ்சம் தடுமாறுவேன்.

ஆடைத் தொழிற்சாலையில் நான் வேலை செய்ததில்லை. உற்பத்தி இலக்குக்கான ஊக்கத்தொகை, வரவுப் படி, இரவு முறை இவற்றை நீங்கள் எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். விரல் அடையாள இயந்திரத்தோடு இணைந்த மென்பொருளிலும் எனக்குப் பழக்கம் இல்லை. எங்கள் தோட்டத்து மென்பொருள் வேறு. ஆனால் நிறைக்கேற்ற கூலியும் நாட்கூலியும் ஒரே சீட்டில் வருவதை இத்தனை வருடமாகப் பார்த்தவள் நான். ஒரு சம்பளச் சுற்று கூடவே உட்கார்ந்து பார்த்தால் பிடித்துக்கொள்வேன்.

தோட்டத்தை விட்டு ஏன் வருகிறாய் என்று கேட்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. அங்கே என் மேசைக்கு மேலே ஒரே ஒரு மேசைதான் இருக்கிறது, பெரிய கிளாக்கர் ஐயா இன்னும் பல வருடம் நன்றாக இருப்பார், இருக்கவும் வேண்டும். சம்பளப் பிரிவிலேயே மேலே படித்து மேலே போக எனக்கு ஆசை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது தையல் மெஷினுக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். லீவில் வரும்போது அவர்கள் போனில் காட்டும் சம்பளச் சீட்டை இன்னமும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன்.

கம்பளையில் சித்தி வீடு இருக்கிறது. அங்கிருந்து கண்டிக்கு பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. தங்குமிடம் நீங்கள் தேட வேண்டியதில்லை. இங்கே ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த மாதத்துச் சம்பளத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டே வருவேன். என்னைப் பற்றி விசாரிக்க இருவரின் பெயர்கள் சுயவிபரத்தின் கடைசியில் உள்ளன. இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

பகலில் அலுவலகத்தில் எனக்கு சிக்னல் சரியாக எடுக்காது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு அழைத்தால் கிடைப்பேன். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு விடுங்கள், அன்றைக்கே பதில் சொல்வேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், பெயர் விபரம் இல்லாத வெறும் மாதிரித் தாளாக அந்த எக்செல் தாளையும் கொண்டுவருகிறேன். நேரம் ஒதுக்கிக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.

(உடனே எழுந்து போனை நிறுத்த ஓடாதே. இரண்டு நொடி அப்படியே இரு, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.)