மகள் ரெக்ஸியின் டிசி கேட்டு

பாம்பன்
12.11.2025

அனுப்புநர்: ஜெ. அருள்மேரி, பாம்பன் தெற்குவாடி

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், அரசு உயர்நிலைப் பள்ளி

பொருள்: 8ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகள் ஜெ. ரெக்ஸியைப் பள்ளியிலிருந்து விலக்கி, மாற்றுச் சான்றிதழ் தரக் கேட்டு

வணக்கம் டீச்சர்.

ரெக்ஸி (சேர்க்கை எண் 1187, பிறந்த தேதி 03.06.2012) 2023 ஜூனில் ஆறாம் வகுப்பில் நம் பள்ளியில் சேர்ந்தாள். நாங்கள் குடும்பத்தோடு தூத்துக்குடி பக்கம் தருவைக்குளத்துக்குக் குடிபோகிறோம். வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் வகுப்புக்கு வருவாள், அதையே கடைசி நாளாகப் போட்டு டிசி கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தைப் போன வாரம் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன், ஆனால் மணி அடித்துவிட்டதால் பாதியிலேயே நின்றுவிட்டது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அவளுடைய அப்பா போன படகை மாசி மாதத்தில் இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனது உங்களுக்கே தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் யாழ்ப்பாணம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். ஆள் வந்தாயிற்று, படகு வரவில்லை. வந்த கையோடு ஏப்ரல் 15 தடைக்காலம் பிறந்துவிட்டது, 61 நாளும் வீட்டில்தான். ஜூனுக்குப் பிறகு ஒரு படகில் ஒரு நாள், இன்னொரு படகில் ஒரு நாள் என்று ஆள் குறைகிற இடத்தில் ஏறிப் போனார். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் டோக்கன், அதிலும் காற்று எழும்பிவிட்டால் அதுவும் கிடையாது, போய் வந்தாலும் பாடு இல்லை. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. தருவைக்குளத்தில் என் நாத்தனார் வீட்டுக்காரர் போகிற படகில் ஆள் கேட்டிருக்கிறார்கள், தங்கு கடல் தொழில், மாதத்தில் பாதி நாள் கடலில்தான் கிடக்க வேண்டும், இருந்தாலும் வடகடலுக்குப் போய்ப் பிடிபடுகிற பயம் இல்லை. அது போதும் எனக்கு.

அரையாண்டுப் பரீட்சை முடித்துவிட்டுப் போகக் கூடாதா என்று வகுப்பு டீச்சர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் படகில் இந்த மாதக் கடைசிக்குள் ஆள் ஏறியாக வேண்டும், இங்கே வீட்டுக்காரரும் டிசம்பர் வாடகைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார். இவளை மட்டும் ஒரு மாதம் இங்கே யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, பதிமூன்று வயசுப் பிள்ளை. அங்கேயும் இதே சமச்சீர்ப் புத்தகம்தானே டீச்சர், அரையாண்டை அங்கே எழுதட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இவள் படிப்பை நிறுத்தவில்லை. தயவுசெய்து எந்த இடத்திலும் 'இடைநின்றவர்' என்று ஏறிவிடக் கூடாது. பெற்றோர் இடம்பெயர்வு என்று காரணம் போட்டு, எமிஸிலும் அன்றைக்கே காமன் பூலுக்கு அனுப்பிவிட்டால் அங்கே உடனே எடுத்துக்கொள்வார்கள். டிசி வரத் தாமதம் என்பதற்காக எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் எமிஸில் பெயர் இங்கேயே கிடந்தால் அங்கே அவர்கள் என்ன செய்ய முடியும்? பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், வருகைப் பதிவில் இருக்க மாட்டாள்.

இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் என் மூத்தவன். அவனை ஒரு தனியார் பள்ளியிலிருந்து மாற்றும்போது பஸ் கட்டணப் பாக்கி என்று சொல்லி ஏழு வாரம் டிசியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கொடுத்த டிசியில் பிறந்த மாதமும் தேதியும் இடம் மாறியிருந்தது. அதை அப்போது யாரும் பார்க்கவில்லை, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் வந்தபோதுதான் தெரிந்தது, அதற்கு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. அதனால்தான் நம் பள்ளியில் அப்படி நடக்காது என்று தெரிந்தும் இதையெல்லாம் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரெக்ஸிக்குப் பார்க்க வேண்டியது இரண்டு. ஆதாரில் முதலெழுத்து முன்னால் இருக்கிறது, ஜெ. ரெக்ஸி. பள்ளிப் பதிவேட்டில் ரெக்ஸி ஜெ என்று இருப்பதாக அவளே பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இரண்டும் ஒன்றுபோல வரட்டும். அப்புறம் அங்க அடையாளம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது அவசரத்தில் 'வலது முழங்கையில் மச்சம்' என்று சொல்லிவிட்டேன், அது மச்சமே இல்லை டீச்சர், அன்றைக்கு ஒட்டியிருந்த தார். வலைக்கயிறு கிடக்கிற வீட்டில் அப்படித்தான். உண்மையான அடையாளம் இடது உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் தழும்பு, நண்டு கடித்தது, மூன்று தையல். இன்னொன்று கழுத்தின் பின்னால் மச்சம், அது சரியாகத்தான் ஏறியிருக்கிறது.

அங்கேயும் அரசுப் பள்ளியாகத்தான் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குக் கிட்டத்திலேயே வேறு பள்ளி இருக்கிறது என்று நாத்தனார் சொன்னார், ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் மருத்துவப் படிப்பில் அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு என்று நீங்கள்தான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னீர்கள். அறிவியலில் இவள் வாங்குகிற மார்க்குக்கு அதை நானே கெடுத்துவிடக் கூடாது. பஸ்ஸில் போய் வரட்டும், இலவச பாஸ் இருக்கிறதே. அதற்காகவே ஒரு உதவி: ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள் என்று ஒரு படிப்புச் சான்றும் டிசியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். புதுமைப் பெண் மாதம் 1000 ரூபாய்க்கும் பின்னால் தேவைப்படும். பிறகு ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து சாயல்குடி, ஏர்வாடி என்று பஸ் மாறி வந்து கேட்பதற்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

நூலகப் புத்தகம் இரண்டு அவளிடம் இருக்கிறது. ஒன்றைத் திங்கட்கிழமையே கொடுத்துவிடுவாள். இன்னொன்று போன மாத மழையில் கூரை ஒழுகி நனைந்துவிட்டது, காய வைத்துப் பார்த்தேன், பக்கங்கள் ஒட்டிக்கொண்டு அப்பளமாக நிற்கிறது. விலை என்னவோ சொல்லிவிடுங்கள், கட்டிவிடுகிறேன்.

அவளுக்குப் போக மனசில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். வகுப்பில் அழுதால் கொஞ்சம் விட்டுவிடச் சொல்லுங்கள்.

24ஆம் தேதி திங்கள் காலை பத்து மணிக்கு நானே வந்து டிசியை வாங்கிக்கொள்கிறேன். ஆதார் நகல், சாதிச் சான்று நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல் இத்துடன் இருக்கிறது. அவள் அப்பா கையெழுத்தும் கீழே இருக்கிறது, அவர் 18ஆம் தேதியே முன்னால் போய்விடுவதால் திங்கட்கிழமை வர முடியாது. சாமான் ஏற்ற டாடா ஏஸ் அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறது, அதற்குள் கையில் கிடைத்தால் பெரிய உதவி. ஏதாவது குறை இருந்தால் ரெக்ஸியிடமே சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெ. அருள்மேரி (தாய்)
அ. ஜெயசீலன் (தந்தை)