மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ்: வியாழக்கிழமைக் கலந்துரையாடலுக்கான கேள்விகள்

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு,

வியாழக்கிழமை வருவதற்கு முன் இந்தத் தாளை ஒரு தடவை படித்துவிடுங்கள். வகுப்பிலும் இது கையில் இருக்கட்டும், கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன, ஒளித்துவைத்த கேள்வி ஒன்றும் இல்லை. நூற்றைம்பது பேருக்கு மேல் உட்காரும் அந்தப் பெரிய மண்டபத்தில் போன மாதம் முழுவதும் பேசியது முன்வரிசையில் இருக்கும் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் உங்கள் கட்டுரைகளைப் படிக்கிறேன். வீட்டில் கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு, பரீட்சை ஆங்கிலம், அதற்கெல்லாம் பிறகுதான் தமிழ் என்று வளர்ந்தவருக்கு, கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலை யோசித்து, அதைத் தமிழில் கோத்து, வேற்றுமை உருபு சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் இன்னொருவர் கை தூக்கிவிடுகிறார். அந்த நேரத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தத் தாள்.

தலைப்பு உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை மாறி, இந்திக்குக் கீழே தமிழ் போனது. தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் பழைய வரிசையோடு மறுபடி வந்தன. அவ்வளவுதான் நடந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் ஒரு காகிதத்தில் இரண்டு வரி இடம் மாறியதற்கு ஏன் இத்தனை பேருக்கு மனம் கொதித்தது என்பதுதான் நாம் பேசவேண்டியது.

எப்படி நடக்கும் என்றால், ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுதலாம். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம், எந்த மொழியிலும், கிரியோலில் பேசினாலும் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு மண்டபத்துக்கு. கை தூக்கக் கூச்சமாக இருந்தால் நீங்கள் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், அவர் "என் பக்கத்தில் இருப்பவர் சொல்வது" என்று தொடங்கி வாசிப்பார். அதுவும் பேசியதாகவே கணக்கு. இலக்கணத்தை நான் நடுவில் திருத்தமாட்டேன், வேறு யாரும் திருத்தவும் கூடாது. தமிழ்ச் சொல் நினைவுக்கு வராத இடத்தில் கிரியோல் சொல்லைப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

முதல் கேள்வி, கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியது. பர்ஸில் இருக்கும் ஏதாவது ஒரு நோட்டை எடுங்கள், இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிப் பாருங்கள். தமிழ் எங்கே இருக்கிறது? விரலால் காட்டினால் போதும். அதற்கு மேலே எந்த மொழி, கீழே எந்த மொழி? ஒரு சொல் போதும். நூறு ரூபாய் நோட்டு வைத்திருப்பவர்கள் அதில் இருக்கும் முகம் யாருடையது என்று சொல்லுங்கள் (ரெங்கநாதன் சீனிவாசன், தெரியாவிட்டால் பரவாயில்லை, இதோ சொல்லிவிட்டேன்). இந்தச் சுற்றில் பின்வரிசையில் இருந்து தொடங்குகிறேன். "தமிழ் இரண்டாவதாக இருக்கிறது" என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம், முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை குரலை வெளியே விட்டுவிட்டால் அடுத்த தடவை அவ்வளவு கடினமாக இருக்காது.

இரண்டாவது, உங்கள் வீட்டைப் பற்றியது, இதற்குத் தவறான பதிலே கிடையாது. வீட்டில் தமிழ் எழுத்து எங்கெல்லாம் கண்ணில் படுகிறது? காவடிக்குக் கோயிலில் கொடுக்கும் அழைப்பிதழா, கல்யாணப் பத்திரிகையா, சாமி படத்துக்குக் கீழேயா, தாத்தாவின் பழைய புத்தகமா, இல்லை ரூபாய் நோட்டில் மட்டும்தானா? அதை வீட்டில் யார் வாசிப்பார்கள்? "எங்கள் வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும்" என்றால் அது முழுப் பதில். இன்னும் ஒரு வாக்கியம் சேர்க்க முடிந்தவர்கள் "அதனால்" என்று தொடருங்கள்: அதனால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை? தமிழர் வீடு அல்லாத மாணவர்களும் நம்மோடு இருக்கிறீர்கள், உங்கள் பாட்டியின் மொழியை வைத்துச் சொல்லுங்கள், போஜ்புரியோ ஹக்காவோ எதுவானாலும்.

மூன்றாவது கேள்விக்கு லீவு நாட்களை நினைத்துக்கொண்டால் போதும். பிப்ரவரி 1 ஏன் விடுமுறை? நவம்பர் 2 ஏன் விடுமுறை? 1835இல் அடிமை முறை ஒழிந்தது, அதற்குச் சில மாதம் முன்பு, 1834 நவம்பர் 2ஆம் தேதி, அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போர் லூயி துறைமுகத்துக்கு வந்தார்கள். கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் என்ற இடத்தில் அந்தப் படிகளில் ஏறிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள், தூக்கினாலே போதும். சரி, இப்போது ஒரு படி மேலே: தமிழர்கள் இந்தத் தீவுக்கு வந்தது அந்தக் கப்பலுக்கு முன்பா, பின்பா? மூன்று விடைகள் தருகிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முன்பு. பின்பு. இரண்டும். தேர்ந்தெடுத்த பிறகு "ஏனென்றால்" என்ற சொல்லைப் போட்டு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள். உதவிக்கு ஒரு தகவல்: 1735இல் இங்கே கவர்னராக வந்த மாஹே தெ லபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வேலைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடம் கழித்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு.

நான்காவது கேள்விதான் இந்த வகுப்பின் நடுப்பகுதி, இதற்கு இருபது நிமிடம் வைத்திருக்கிறேன், இங்கே அவசரப்பட வேண்டாம். 1998இல் எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான காரணம், தமிழர்கள் முதலில் வந்தார்கள் என்பது. இதை நீங்கள் ஏற்கிறீர்களா? ஏற்பவர்கள் மண்டபத்தின் வலப்பக்கச் சுவருக்கு, ஏற்காதவர்கள் இடப்பக்கத்துக்கு, முடிவு செய்யாதவர்கள் நடுவில் நில்லுங்கள். எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதே உங்கள் முதல் பதில், வாயைத் திறக்காமலே கருத்தைச் சொல்லியாகிவிட்டது. நடுவில் நிற்பதைப் பயம் என்று யாரும் நினைக்கவேண்டாம், எனக்கே நடுவில் நிற்கத் தோன்றும் கேள்வி இது.

நின்ற இடத்திலேயே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு காரணம் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்பவர்கள்: "முதலில் வந்தவர்களின் மொழி முதலில் இருப்பது நியாயம், ஏனென்றால்". ஏற்காதவர்கள்: "யார் முதலில் வந்தார்கள் என்பது முக்கியம் இல்லை, முக்கியமானது". நடுவில் நிற்பவர்கள்: "ஒரு பக்கம் பார்த்தால் சரி, ஆனால்". அந்த இடத்திலிருந்து உங்கள் சொற்களில் போங்கள், இரண்டு சொல்லோடு நின்றாலும் நாங்கள் காத்திருப்போம்.

யோசித்துப் பார்க்க இன்னும் சில கேள்விகள், ஒன்றைவிட ஒன்று கனமாகப் போகும். இடம் மாறியதால் யாருக்காவது பண நஷ்டமா? இல்லை என்றால், போனது என்ன? நோட்டைத் திரும்பப் பெறாமல் விட்டிருந்தால் இன்று உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில் எதாவது வேறு மாதிரி இருந்திருக்குமா? முதலில் வந்தவர்கள் என்பதுதான் அளவுகோல் என்றால், பிரெஞ்சுக்காரர் காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மொழிகள் நோட்டில் எங்கே? நாம் எல்லோரும் பேருந்திலும் சந்தையிலும் பேசும் கிரியோலுக்கு அதில் இடமே இல்லையே, 2012இல் இருந்து பள்ளிக்கூடத்தில் பாடமாகவே இருக்கிறதே, அப்படியானால்? இந்தக் கடைசிக் கேள்வி கேட்பதற்குச் சங்கடமானது, தெரியும். ஆனாலும் நமக்கு மட்டும் நியாயம் கேட்டுவிட்டு நிறுத்தக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அதனால் கேட்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், ஆள் மேல் காட்டாமல் கருத்தின் மேல் காட்டுங்கள்.

தமிழ் சரளமாக வருபவர்களுக்கு இந்தச் சுற்றில் வேறு வேலை. உங்கள் கருத்தை முதலில் சொல்லக்கூடாது. உங்களுக்கு முன்னால் பேசியவர் சொன்னதை, "நீங்கள் சொல்வது இதுதானே" என்று தொடங்கி உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள், அவர் "ஆமாம்" என்று சொன்ன பிறகே உங்கள் முறை. "இல்லை" என்று சொன்னால் மறுபடி முயலுங்கள். கேட்பது எளிது என்று நினைக்காதீர்கள், திக்கித் திக்கிப் பேசுபவரின் நடுவில் சொல் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது மிகப் பெரிய உதவி, பத்து விநாடி மௌனம் வந்தாலும் பொறுத்திருங்கள்.

ஐந்தாவது, நோட்டை விட்டு வெளியே. உங்கள் குடும்பப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதுவது போல எழுதிவிட்டுப் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். முத்து, ஆறுமுகம், சின்னத்தம்பி என்ற பெயர்கள் எல்லாம் பதிவேட்டில் எழுதியவரின் காதுக்குக் கேட்ட மாதிரி மாறியிருக்கின்றன. உங்கள் பெயரில் என்ன மாறியிருக்கிறது? அதைத் திரும்பப் பழைய மாதிரி எழுத விரும்புகிறீர்களா, இப்படியே இருக்கட்டும் என்கிறீர்களா? ஒரு சொல்லில் சொல்பவர்கள் சொல்லுங்கள். நேரம் இருந்தால் ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்வோம்: நோட்டுக்காகத் தெருவுக்கு வந்த நாம், பெயருக்காக ஏன் வரவில்லை?

கடைசியாகச் சீட்டில் இரண்டு விஷயம் எழுதி வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டாம். இன்று மனதில் இருந்தும் சொல்லாமல் விட்டது என்ன? எந்தக் கேள்வியில் தமிழ் கைகொடுக்கவில்லை? முதலாவதை அடுத்த வாரம் நானே மண்டபத்தில் வாசித்து அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவேன். இரண்டாவதை வைத்து அடுத்த தாளில் கூடுதலாகத் தொடக்க வாக்கியங்கள் தருவேன். முன்கூட்டியே தயார் செய்துகொண்டு பேச விரும்புபவர்கள் புதன்கிழமை மதியம் என் அறைக்கு வாருங்கள், நீங்கள் சொல்லப்போவதை ஒரு தடவை எனக்குச் சொல்லிப் பாருங்கள், மறுநாள் எந்தக் கேள்வியில் உங்களை அழைக்கவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.