துருசு: பத்து அத்தியாயச் செங்குத்துக் குறுந்தொடரின் முதற்பருவத் திட்டம்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரத்துச் சிறிய குளம் ஒன்றின் கீழ் ஒரே ஒரு சிறுபோகத்தில் நிகழும் கதை இது. குளத்தின் கீழ் 180 ஏக்கர் வயல் உண்டு. இம்முறை தண்ணீர் 60 ஏக்கருக்குத்தான் போதும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதி வைக்கும் கொப்பி, கமக்காரர் அமைப்பின் புதிய செயலாளரான 26 வயதுக் கவிதாவின் கைக்கு வருகிறது. தகப்பன் இறந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தண்ணீர் பங்கிடும் பொறுப்பு முன்னர் அவரிடம் இருந்தது. அமைப்பின் தலைவர் அவளுடைய தாய்மாமன் சிவராசா. வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர் செய்யும் பூமணி அக்கா மூன்றாவது ஆள்.

ஒவ்வொரு அத்தியாயமும் 90 விநாடி முதல் இரண்டு நிமிடம் வரை ஓடும். சட்டகம் 1080 × 1920. அத்தியாயங்கள் யாவும் குளத்து நீர்மட்டக் கம்பத்தில் தொடங்கும். முதலாவதில் 9 அடி, பத்தாவதில் 2 அடி. அகன்ற வயலைச் செங்குத்துச் சட்டகத்தில் அடக்க முயன்றால் வயலும் தெரியாது, மனிதரும் தெரியார். ஆகவே நிமிர்ந்து நிற்பவற்றை, அதாவது கம்பத்தையும் பனையையும், குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசின் கம்பியையும் அணைக்கட்டில் ஏறிவரும் ஆளையும், நம்பியே காட்சிகளை அமைத்திருக்கிறோம். இருவர் பேசும்போது ஒருவரை முன்னும் மற்றவரை அவருக்குப் பின்னால் கட்டின் மேலும் நிறுத்துவோம்.

முதல் அத்தியாயத்தில் கூட்டம் முடிந்த இரவு, துருசின் பூட்டு பூட்டியபடியே இருக்க, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கவிதா காண்கிறாள். திறப்பு இரண்டே இரண்டு. ஒன்று அலுவலகப் பெட்டியில் இருக்கிறது, மற்றது தகப்பனுடையது. வீட்டுக்கு ஓடிவந்து டோர்ச் அடித்துப் பார்க்கிறாள்: சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அவ்விடத்தில் இசையின்றி, தூரத்துத் தவளைச் சத்தத்தோடு வெட்டுகிறோம். இரண்டாவது அத்தியாயம் தாயின் ஒரே வசனத்தில் முடியும்: "நான்தான் மாமாவிட்டக் குடுத்தனான்."

மூன்றாவதை இப்பருவத்தின் மிக முக்கியமான அத்தியாயமாகக் கருதுகிறேன். பூமணி அக்கா வெடித்த வயல் மண் கட்டியொன்றைக் கையில் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பிள்ளை, கொப்பியைப் பாத்துச் சொல்லு, என்ர முறைத் தண்ணி எங்க போனது?" என்று கேட்கிறார். கவிதாவுக்கு விடை தெரியும். "வாய்க்கால் உடைஞ்சு போச்சக்கா" என்கிறாள். நாயகியின் பொய்தான் இங்கு முடிச்சு. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் மட்டும் போதாது. இவள் இனி எப்படி இவர் முகத்தில் விழிப்பாள் என்ற பதைப்பு பார்ப்பவருக்கு வரவேண்டும். மண் உதிர்வதை மிக அண்மையில் எடுக்க வேண்டும்.

நான்காவதில் இரவுத் தண்ணீர் மாமனின் மிளகாய்த் தோட்டத்துக்குப் போவது தெரியவருகிறது. ஐந்தாவதில் அவர் அடைவுச் சீட்டுகளை எடுத்து வைக்கிறார்: தகப்பனின் வைத்தியச் செலவுக்காக அடைவு வைத்த தாயின் நகைகளை அந்த மிளகாய்க் காசுதான் மீட்டது. திருட்டின் பலனைத் தானும் அனுபவித்தவள் என்பதை அவள் அறிவதுதான் பருவத்தின் நடுத்திருப்பம். சிவராசாவை வில்லனாக எழுதவே கூடாது. அவர் வாயால் சொல்லும் ஒவ்வொரு காரணமும் உண்மையாகவே இருக்கும். ஆறாவது தாய்க்கும் மகளுக்கும் இடையிலான மௌனம். கவிதா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவதோடு முடியும்.

ஏழாவதில் அவசரக் கூட்டம். கவிதா கொப்பியைத் திறந்து, முறை தவறித் தண்ணீர் எடுத்தவர்களின் பெயர்களை வாசிக்க எழுகிறாள். முதலில் வரும் பெயர் அவளுடைய தாயின் பெயர். எட்டாவதில் ஊர் அவளோடு பேசுவதில்லை, பூமணி அக்காவும் பேசுவதில்லை. ஒன்பதாவதில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் துருசுக் கதவு இறுகிப்போகிறது. அதைத் தண்ணீருக்குள் இறங்கித் திறக்கத் தெரிந்தவர் ஊரில் சிவராசா ஒருவர்தான். அவள் மாமன் வீட்டுப் படலையில் நிற்கிறாள். உள்ளே விளக்கு அணைகிறது.

பத்தாவதில் அவர் விடியுமுன் கேளாமலே இறங்கிக் கதவை விடுவிக்கிறார். கவிதாவின் வளர்ச்சியைக் காட்ட நீண்ட வசனம் வேண்டாம்: பூமணி அக்காவிடம் போய், "வாய்க்கால் உடையேல்லையக்கா" என்று மட்டும் சொல்லித் திறப்பை அவர் கையில் வைக்கிறாள். அவர் மன்னித்தாரா என்பதை இப்பருவம் சொல்லாது. கடைசிக் காட்சியில் அணைக்கட்டில் யாரோ அடித்துவிட்டுப் போன சிவப்பு நில அளவை முளைகள் வரிசையாகத் தெரிகின்றன. இரண்டாம் பருவம் அங்கிருந்து தொடங்கும்.

இரவுக் காட்சிகளை மாலை மங்கலிலேயே எடுத்து முடிப்போம். கைபேசிக் கமராவுக்கு அந்த ஒளி வேண்டும், இருட்டிய பின் அந்தப் பக்கம் யானை இறங்கும். துருசு அருகே எடுப்பதற்குக் கமக்காரர் அமைப்பிடமும் கமநல சேவை நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். உண்மையான தண்ணீர் முறை நாட்களில் கதவைத் தொடவே கூடாது. படப்பிடிப்புக்காக ஒருவரின் வயலும் காயக்கூடாது.