போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மெயில்: எந்த ஆப்பை வைத்துக்கொள்வது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து 500 பெட்டிக்கு விலை கேட்டு மெயில் வந்தது. பாடி மேம்பாலத்தில் ஆட்டோ நகராமல் நின்ற நேரத்தில் போனிலேயே "ஒன்று 42 ரூபாய், வியாழன் டெலிவரி" என்று பதில் போட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்த அக்கவுண்டன்ட் அம்மாவுக்கு என் பதில் தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் 46 ரூபாய் போட்டு இன்னொரு மெயில் அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் போன் செய்து, "உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை முதலாளி சார்?" என்றார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இது.

முதலில் ஒன்று. ஆப்பை மாற்றுவதால் மட்டும் போனும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகாது. மெயில் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பழைய கம்ப்யூட்டர்களில் மெயிலை பாப் முறையில் போட்டிருப்பார்கள். வங்கியிலிருந்து பணத்தை எடுத்து வந்து வீட்டு பீரோவில் பூட்டுகிற மாதிரி அது. மெயில் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். பல சமயம் சர்வரில் அழிந்தும் போகும். நீங்கள் அனுப்பிய பதிலும் அனுப்பிய கருவியிலேயே தங்கிவிடும். ஐமேப் முறையில் பணம் வங்கியிலேயே இருக்கிறது. எந்த ஏடிஎம்மில் பார்த்தாலும் ஒரே பாலன்ஸ். படித்தது, அழித்தது, ஃபோல்டருக்கு மாற்றியது எல்லாம் இரண்டு பக்கமும் தெரியும்.

கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். POP அல்லது POP3 என்று இருந்தால் வில்லன் அதுதான். IMAP என்று இருக்க வேண்டும். போர்ட் எண்ணைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்: பெரும்பாலும் 993 என்றால் ஐமேப், 995 என்றால் பாப்.

பீரோ கதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, எங்கள் பக்கத்து ஷெட்டில் சிபியு மேசைக்குக் கீழேதான் இருந்தது. பல வருட மெயிலும் அதோடு போயிற்று.

சரி, எந்த ஆப்? உங்கள் முகவரி @gmail.com என்றால் யோசிக்கவே வேண்டாம். போனில் ஜிமெயில் ஆப், கம்ப்யூட்டரில் குரோமில் mail.google.com. கம்ப்யூட்டரில் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். இடத்தை மட்டும் கவனியுங்கள்: இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவும் போட்டோஸும் அதிலேதான். கல்யாண வீடியோக்கள் அதை நிரப்பிவிட்டால் ஆர்டர் மெயில் திரும்பிப் போய்விடும்.

கம்பெனி பெயரில் சொந்த முகவரி வைத்திருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் வேலை. வெப்சைட் செய்து கொடுத்தவரே மெயிலையும் போட்டுக் கொடுத்திருப்பார். அவரிடம் ஐமேப் சர்வர் பெயர், மெயிலை வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி சர்வர் பெயர், பாஸ்வேர்ட், மெயில் பெட்டிக்கு எத்தனை ஜிபி ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

இங்கே நான் இரண்டு ஆப்பைத்தான் சொல்வேன். போன் ஆண்ட்ராய்டு என்றால் தண்டர்பேர்ட். இலவசம், விளம்பரம் இல்லை. கம்ப்யூட்டரில் பல வருடமாக இருப்பதுதான், ஆண்ட்ராய்டுக்கு 2024 அக்டோபரில் வந்தது. கம்ப்யூட்டரில் செட் செய்துவிட்டு Tools மெனுவில் Export for Mobile கொடுத்தால் ஒரு கியூஆர் கோடு வரும். ஜிபே ஸ்கேன் செய்கிற மாதிரி போனிலிருக்கும் தண்டர்பேர்டில் அதை ஸ்கேன் செய்தால் போதும், சர்வர் பெயரைத் திரும்ப அடிக்க வேண்டாம். வீட்டில் ஐபோனும் ஆபீஸில் விண்டோஸும் என்றால் அவுட்லுக். ஆனால் புது அவுட்லுக் வேறு கம்பெனி மெயிலையும் மைக்ரோசாப்ட் சர்வர் வழியாகத்தான் எடுத்து வரும். உங்கள் மெயிலின் நகல் அங்கேயும் போகும். அது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி.

போனோடு வந்த மெயில் ஆப், மச்சான் சொன்ன ஆப், பழைய ஆப் என்று மூன்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். புதியது ஓட ஆரம்பித்ததும் மற்றவற்றிலிருந்து அக்கவுண்டை எடுத்துவிடுங்கள். ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பாப் அக்கவுண்டை மட்டும் உடனே நீக்கக் கூடாது. பழைய மெயில் அதற்குள் இருக்கிறது. முதலில் ஒரு ஹார்டு டிஸ்கில் பேக்கப். அப்புறம் அதே ஆப்பில் ஐமேப் அக்கவுண்டைச் சேர்த்து, பழைய மெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதன் ஃபோல்டருக்குள் விடுங்கள். Local Folders என்ற பெயருக்குக் கீழே இருப்பவை சர்வருக்குப் போகாது, போனிலும் தெரியாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சர்வரில் இடம் குறைவாக இருந்தால் கடைசி இரண்டு வருடத்தை மட்டும் ஏற்றுங்கள்.

ஐமேப் போட்ட பிறகும் என் பதில்கள் கம்ப்யூட்டரில் வரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். பார்த்தால், போன் ஆப் Sent என்ற ஃபோல்டரில் போட, கம்ப்யூட்டர் Sent Items என்ற ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் சர்வரிலேயே இருக்கின்றன, வேறு வேறு பெட்டியாக. கம்ப்யூட்டர் தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸில் Copies & Folders, போனில் அக்கவுண்ட் செட்டிங்ஸில் Folders; இரண்டிலும் ஒரே ஃபோல்டரைக் காட்டுங்கள். டிராஃப்டுக்கும் டிராஷுக்கும் இதையே செய்யுங்கள்.

போனில் மெயில் தாமதமாக வந்தால் ஆப்பைத் திட்டாதீர்கள். பேட்டரி மிச்சம் பிடிக்க போனே அதைத் தூங்க வைத்திருக்கும். ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும். கான்டாக்ட் பட்டியல் ஐமேப்பில் வராது, அதைத் தனியாக ஏற்ற வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. உங்கள் இன்னொரு முகவரியிலிருந்து ஆபீஸ் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். போனில் பதில் போடுங்கள். பதில் கம்ப்யூட்டரில் வருகிறதா? கம்ப்யூட்டரில் அந்த மெயிலை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள்; போனில் மாறியதா? பாதி எழுதிய மெயிலைப் போனில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் முடிக்க முடிகிறதா? மூன்றும் ஆனால் வேலை முடிந்தது.

ஒத்துப்போவதிலும் ஒரு தொல்லை உண்டு. நான் காலையில் பால் வாங்கப் போகும்போது மெயிலைத் திறந்து பார்த்தால், ஆபீஸில் அது "படித்தாயிற்று" ஆகிவிடுகிறது, அக்கவுண்டன்ட் அம்மா தாண்டிப் போய்விடுகிறார். அதனால் இப்போது அவர் பார்க்க வேண்டிய மெயிலுக்கு நான் ஒரு ஸ்டார் போடுகிறேன், முடித்ததும் அவர் எடுத்துவிடுகிறார். நேற்று ஏழு ஸ்டார் இருந்தது. "சார், நீங்க தூங்கறதே இல்லையா?" என்று கேட்டார்.